பில்லில் 24,613, மீற்றரில் 24,534: பாலையூற்று வீடொன்றின் மின் கட்டணத் திருத்தம்

திருகோணமலை பாலையூற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசிக்கிறார். இரண்டு மின்விசிறி, ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், தொலைக்காட்சி. ஏசி இல்லை. மாதம் சுமார் 100 யூனிட்டைச் சுற்றித்தான் அவருடைய பாவனை போகும். 2025 ஏப்ரல் 2ஆம் திகதி மீற்றர் பார்க்க வந்தவர் கையிலிருந்த கருவியில் எண்ணைப் பதிந்து, அங்கேயே பில்லை அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். 201 யூனிட் என்று இருந்தது. போன மாதம் 2,000 ரூபாவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்டியவருக்கு இந்த மாதம் 6,752 ரூபா. (இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் பில்லின் அடியில் சேரும் வரியைத் தவிர்த்தவை.)

கண்டியில் வேலை செய்யும் மகள் அன்று மாலையே மின்சார அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அம்மா தனியே இருப்பது, இவ்வளவு தொகை வர வழியே இல்லை என்பது, மீற்றர் பார்ப்பவர்கள் வாசலில் நின்றபடியே எழுதிக்கொண்டு போய்விடுவது எல்லாம் அதில் இருந்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் கணக்கிலக்கம் இல்லை, வாசிப்பு எண் ஒன்றுகூட இல்லை. எழுத்தில் பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “வாசிப்பு பிழையென்டா அடுத்த மாசம் தானாச் சரியாயிடும், இப்ப பில்லைக் கட்டிவிடுங்கோ” என்றார்கள்.

இந்தப் பதிலைப் பலர் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மையும் அதில் இருக்கிறது. மற்றப் பாதி எங்கே உதைக்கிறது என்பதைப் பின்னால் ரூபாய்க் கணக்கில் பார்ப்போம். முதலில் ஆதாரம்.

மீற்றர் பின்னோக்கி ஓடாது

ஏப்ரல் 8ஆம் திகதி ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இதை ஒருக்காப் பாரும்” என்று பில்லைத் தந்தார். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நேரே மீற்றர் பெட்டிக்குப் போனோம். பழைய வகை மீற்றர். கறுப்புப் பின்னணியில் ஐந்து இலக்கங்கள் சுழலும், கடைசியில் சிவப்பில் ஒன்று. சிவப்பு இலக்கம் யூனிட்டின் பத்தில் ஒரு பங்கைக் காட்டுவது, அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கடற்காற்று படுகிற சுவர் என்பதால் கண்ணாடி உப்புப் பூத்து மங்கியிருந்தது. கிட்டப் போய், டோர்ச் அடித்து, சற்றுச் சாய்ந்து பார்த்தால்தான் எண் தெளிவாகத் தெரியும்.

தெரிந்த எண் 24,534.

பில்லில் ஏப்ரல் 2ஆம் திகதி வாசிப்பு 24,613. ஆறு நாட்களுக்குப் பிறகும் மீற்றர் அந்த எண்ணுக்கு 79 யூனிட் கீழே நிற்கிறது. சாதாரண வீட்டு மீற்றர் பாவித்ததைக் கூட்டிக்கொண்டே போகும், குறைக்காது. ஆகவே ஏப்ரல் 2இல் அது 24,613ஐக் காட்டியிருக்கவே முடியாது. இந்த ஒரு வரிக்கு எதிராக எந்த அலுவலகத்திலும் வாதம் வைக்க இயலாது. வீட்டில் எத்தனை பேர், ஏசி இருக்கிறதா, ஊரில் இல்லாத நாட்கள் எத்தனை என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வெறும் பேச்சு.

ஆனால் இந்த ஆதாரத்துக்கு ஆயுள் உண்டு. ரீச்சர் வீட்டில் நாளுக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட் ஓடுகிறது. அப்படியே போனால் ஏப்ரல் முடிகிறபோது மீற்றர் 24,613ஐத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு எடுக்கும் படம் எதையும் நிரூபிக்காது. பிழை 100 யூனிட்டாக இருந்ததால் அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் கிடைத்தது. இதே வீட்டில் பிழை 30 யூனிட்டாக இருந்திருந்தால் ஒன்பதாம் நாளே கதை முடிந்திருக்கும். சித்திரை வருடப்பிறப்பு லீவு போகட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பில் வந்த அன்றே மீற்றரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படிப் பார்க்கும்போது மீற்றர் எண் பில்லில் உள்ளதைவிடக் கூடுதலாகவும், ஓடிய நாட்களுக்குப் பொருத்தமாகவும் இருந்தால், வாசிப்பில் பிழை இல்லை என்றுதான் எடுக்க வேண்டும். அது வேறு வழக்கு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீற்றருக்குள் இருக்கும் தட்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். அணைத்தும் சுற்றினால் மீற்றரிலோ அதற்கும் மெயின் சுவிட்சுக்கும் இடைப்பட்ட வயரிலோ கோளாறு இருக்கலாம், மீற்றரைச் சோதிக்கும்படி கேட்க வேண்டும். அணைத்ததும் தட்டு நின்றால் மின்சாரம் வீட்டுக்குள்தான் போகிறது. அந்த நிலையில் பிழையான வாசிப்பு என்று மின்னஞ்சல் எழுதுவது வீண். தண்ணீர் மீற்றருக்கும் இதே வழிதான்: எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு முகப்பிலுள்ள சின்னச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்ப்பது.

இன்னொன்றையும் அப்போதே ஒப்பிட்டோம். மீற்றரில் பொறித்திருக்கும் தொடரிலக்கமும் பில்லில் உள்ள மீற்றர் இலக்கமும் ஒன்றுதானா? மேல்வீடு கீழ்வீடு என்று இரண்டு மீற்றர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்களில் ஒருவருடைய வாசிப்பு மற்றவரின் கணக்கில் ஏறிவிடுவது உண்டு. இங்கே இரண்டும் ஒத்திருந்தன.

உண்மையான வாசிப்பு எது?

பிழை என்று காட்டிவிட்டால் மட்டும் போதாது, சரியான எண் எது என்ற கேள்விக்கும் நாமே விடை கொடுத்தால் அலுவலகத்துக்கு வேலை குறையும். வேலை குறைந்தால் கோப்பு நகரும்.

வருடப்பிறப்பு முடிந்து ஏப்ரல் 16இல் இன்னொரு படம் எடுத்தோம்: 24,561. எட்டு நாட்களில் 27 யூனிட், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 3.4. அதே வேகத்தில் ஏப்ரல் 8இலிருந்து ஆறு நாட்கள் பின்னே போனால் 20 யூனிட்டைக் கழிக்க வேண்டும். ஏப்ரல் 2இல் மீற்றர் 24,514 அளவில் நின்றிருக்கும் என்று வருகிறது.

பில்லில் உள்ள எண்ணையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24,613. 24,514. நூறாம் இடத்து 5ஐ 6 என்று வாசித்திருந்தால் உண்மையான எண் 24,513. மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் 5இன் கீழ் வளைவு மூடிக்கொண்டு 6 போலத் தெரிவதில் வியப்பில்லை. 3உம் 8உம், 1உம் 7உம் இதே வகைச் சோடிகள். கணக்குப் போட்டு வந்த எண்ணும், ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினால் கிடைக்கும் எண்ணும் ஒரு யூனிட் வித்தியாசத்தில் சந்தித்தால், பிழை எப்படி நடந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

பழைய பில்கள் வேலைக்கு வருவது இந்த இடத்தில்தான். மார்ச் 3ஆம் திகதி வாசிப்பு 24,412. அதற்கு முந்தியது ஜனவரி 31இல் 24,318. அந்த 31 நாட்களுக்கு 94 யூனிட். சரியான எண் 24,513 என்று வைத்தால் மார்ச் 3 முதல் ஏப்ரல் 2 வரையான 30 நாட்களுக்கு 101 யூனிட். வெயில் ஏறும் மாதத்துக்கு அது பொருந்துகிறது. முந்தைய ஆண்டு அதே மாத பில்லும் இருந்தது, அதில் 98. பில்களைச் சேர்த்து வைக்கும் ஆசிரியர் பழக்கம் இங்கே கை கொடுத்தது.

“தானாச் சரியாயிடும்” என்பதன் விலை

மே 2இல் மீற்றர் சரியாக வாசிக்கப்பட்டால் அந்த மாதக் கணக்கு 24,613இலிருந்து தொடங்கும். ஏப்ரலில் கூட ஏறிய 100 யூனிட்டும் மேயில் குறைந்துவிடும். யூனிட்டை மட்டும் எண்ணினால் தொலைபேசியில் சொன்னது சரி. ஆனால் நாம் கட்டுவது ரூபா.

2025 ஜனவரி 17 முதல் அந்த ஆண்டு ஜூன் வரை இருந்த வீட்டுக் கட்டணத்தில், மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 60 யூனிட் 11 ரூபா வீதம், அடுத்த 30 யூனிட் 14 ரூபா, அடுத்த 30 யூனிட் 20 ரூபா, 121 முதல் 180 வரை 33 ரூபா, அதற்கு மேல் 52 ரூபா. நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறும்: 91இலிருந்து 120 வரை 1,000 ரூபா, 180ஐத் தாண்டினால் 2,000 ரூபா. 30 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட் 4 ரூபா, நிலையான கட்டணம் 75 ரூபா. இந்தப் படிகள் 30 நாளுக்கு உரியவை. வாசிப்பு இடைவெளி நீண்டால் படிகளும் அதே விகிதத்தில் நீளும், அதனால் நாட்களையும் எண்ண வேண்டும்.

ஏப்ரலுக்கு 101 யூனிட் என்றால் மின் கட்டணம் 1,300, நிலையான கட்டணம் 1,000, மொத்தம் 2,300 ரூபா. பில்லில் வந்ததோ 201 யூனிட்டுக்கு 4,752உம் நிலையான கட்டணம் 2,000உம். இல்லாத 100 யூனிட்டுக்கு விலை 4,452 ரூபா.

மே 2இல் மீற்றர் 24,617 காட்டியது. உண்மையில் 104 யூனிட், அதற்கு 2,360 ரூபா வர வேண்டும். ஆனால் 24,613இலிருந்து கழித்தால் வெறும் 4 யூனிட், 91 ரூபா. அதாவது அதே 100 யூனிட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது 2,269 ரூபாதான் குறைகிறது. இரண்டு மாதத்தையும் சேர்த்தால் கட்ட வேண்டியது 4,660. பில்களின்படி கட்டியிருப்பது 6,843. இடையில் 2,183 ரூபா போய்விட்டது. ஏறும்போது மேல்படி விலையில் ஏற்றி, இறங்கும்போது கீழ்ப்படி விலையில் கழிப்பதுதான் காரணம். தன் ஒரு மாத பில் அளவுக்கு ரீச்சர் அதில் இழந்திருப்பார்.

அனுப்பிய மின்னஞ்சல்

ஏப்ரல் 16ஆம் திகதி ரீச்சரின் பெயரில், அவருடைய முகவரியிலிருந்து இது போனது. கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய பெயரில் போவதுதான் நல்லது, இல்லாவிட்டால் “உரிமையாளர் எழுதட்டும்” என்று ஒரு சுற்றுக் கூடும்.

> பொருள்: கணக்கிலக்கம் (பத்து இலக்கமும்) – 02.04.2025 மீற்றர் வாசிப்பு 24613 பிழை – திருத்தக் கோரிக்கை
>
> பிரதேச மின் பொறியியலாளர் அவர்களுக்கு,
>
> மேற்படி கணக்கின் மீற்றர் தொடரிலக்கம் (…). 02.04.2025 பில்லில் வாசிப்பு 24613 எனவும் பாவனை 201 யூனிட் எனவும் பதியப்பட்டுள்ளது.
>
> அதன் பின்னர் மீற்றர் காட்டியவை:
> 08.04.2025 – 24534
> 16.04.2025 – 24561
>
> இரண்டும் பில்லில் உள்ள எண்ணைவிடக் குறைவானவை. எனவே 02.04.2025 அன்று மீற்றர் 24613ஐக் காட்டியிருக்க முடியாது. மேற்படி இரு வாசிப்புகளின் நாளாந்தப் பாவனையின்படி (3.4 யூனிட்) அன்றைய வாசிப்பு 24513 அளவில் இருந்திருக்கும். நூறாம் இடத்து 5, 6 ஆகப் பதியப்பட்டிருக்கலாம்.
>
> முந்தைய வாசிப்புகள்: 31.01.2025 – 24318, 03.03.2025 – 24412 (94 யூனிட்). 2024 ஏப்ரல் பில்: 98 யூனிட்.
>
> தயவுசெய்து:
> 1. மீற்றர் 24613ஐத் தாண்டுவதற்கு முன்னர் உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி வாசிப்பைச் சரிபார்க்கவும். ஏப்ரல் 30 அளவில் தாண்டிவிடும்.
> 2. 02.04.2025 வாசிப்பைத் திருத்தி, அந்த மாதப் பில்லையும் அடுத்த மாதப் பில்லையும் சரியான வாசிப்பின்படி மீண்டும் கணிக்கவும்.
> 3. திருத்தம் முடியும் வரை, பிணக்குக்குரிய தொகைக்காக இணைப்பைத் துண்டிக்காதிருக்கவும். பிணக்கில்லாத 2,300 ரூபாவையும் அதற்குரிய வரியையும் இன்று செலுத்தியுள்ளேன், பற்றுச்சீட்டு இணைப்பில்.
>
> இம்முறைப்பாட்டுக்கு ஒரு தொடர்பிலக்கம் தரவும்.

கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. வாசிப்பாளரைக் குறை சொல்லவும் இல்லை. அவருடைய மேலதிகாரிதான் இதைப் படிக்கப் போகிறார், தன் ஆளைப் பாதுகாக்கும் வேலையை அவருக்கு ஏன் கொடுப்பான்? கடிதம் தமிழிலேயே போனது. கிழக்கு மாகாணத்தில் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உரிமை, அதற்குத் தனியாக வேண்டுகோள் வைக்கத் தேவையில்லை.

இணைத்த படங்களைப் பற்றி ஒரு சொல். எண்ணை மட்டும் கிட்டப் பிடித்த படம் யாருடைய மீற்றர் என்று காட்டாது. தொடரிலக்கமும் எண்ணும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும். பெட்டி ஒடுக்கமாக இருந்ததால் தொடரிலக்கத்தில் தொடங்கி எண்ணுக்கு நகரும் சின்ன வீடியோ ஒன்றும் எடுத்தோம். கோப்புகளை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, அதை எடுத்து மின்னஞ்சலில் போடாமல், எடுத்த தொலைபேசியிலிருந்தே நேராக இணைத்தோம். வட்ஸ்அப்பில் போய்வரும் படத்தில் எடுத்த நேரம் பற்றிய பதிவு அழிந்துவிடும்.

இரண்டாவது கோரிக்கையில் “அடுத்த மாதப் பில்லையும்” என்று சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஏப்ரலின் 4,452ஐ மட்டும் கழித்துவிட்டு மேயின் 91 ரூபாவை அப்படியே விட்டால், ரீச்சர் 2,269 ரூபா குறையக் கட்டியவராகிவிடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பின்னால் ஒருவர் சரிபார்க்கும்போது அது பழைய நிலுவை என்ற பெயரில் திரும்பி வரும், அப்போது வாதிட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

பிறகு நடந்தது

ஏப்ரல் 23இல் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்து 24,585 என்று எழுதி, ரீச்சரிடம் கையொப்பம் வாங்கினார். அந்தத் தாளையும் படம் எடுத்து வைத்தோம். அலுவலகத்தின் ஆளே 24,613க்குக் கீழே ஒரு எண்ணை எழுதிவிட்ட பிறகு வாசிப்புப் பற்றிய பிணக்கு முடிந்தது.

பில் மட்டும் முடியவில்லை. திருத்தம் கணினியில் ஏறுவதற்கு முன்பே மே 2 வந்துவிட்டது. 4 யூனிட்டுக்கு 91 ரூபாவும், ஏப்ரலின் மீதி 4,452 ரூபாவும் சேர்ந்து 4,543 ரூபா என்று பில் வந்தது. ரீச்சர் பதறிப்போனார். உண்மையில் பதற ஒன்றும் இல்லை, இது எதிர்பார்த்ததுதான்.

மே 5ஆம் திகதி அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, புதிதாகத் தொடங்காமல், ஒரு சிறு கடிதம் போனது. அதில் ஏப்ரல் 2ஆம் திகதி வாசிப்பு என்னவாக இருந்தது என்ற ஊகத்தையே விட்டுவிட்டோம். மார்ச் 3இல் 24,412, மே 2இல் 24,617. இந்த இரண்டு எண்களிலும் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. இடையில் 60 நாட்கள், 205 யூனிட். 60 நாளுக்குப் படிகள் இரட்டிக்கும்: 120 யூனிட் 11 ரூபா வீதம் 1,320, அடுத்த 60 யூனிட் 14 வீதம் 840, மீதி 25 யூனிட் 20 வீதம் 500. மின் கட்டணம் 2,660, இரண்டு மாத நிலையான கட்டணம் 2,000. மொத்தம் 4,660. மாதம் மாதமாகப் போட்ட கணக்கும் இதே எண்ணைத்தான் தந்தது. ஆனால் நடுவிலுள்ள ஊகம் போய்விட்டதால் அதிகாரிக்குக் கையொப்பம் இடுவது இலகு. இரண்டு மாதமும் ஒரே படியில் விழுந்ததால்தான் இரண்டு கணக்கும் இவ்வளவு சரியாக ஒத்தன. ஒரு மாதம் 85உம் மறுமாதம் 125உம் என்று பாவனை ஏறியிறங்கியிருந்தால் சிறு வித்தியாசம் வந்திருக்கும்.

பதில் தமிழில், இரண்டு வரியில் வந்தது: 2,183 ரூபா வரவு வைக்கப்படும், மீதியைச் செலுத்தவும். 4,543இலிருந்து அதைக் கழித்தால் 2,360. மேயின் உண்மையான பில் அதேதான். ரீச்சர் அதைக் கட்டினார். ஜூன் பில்லில் முந்தைய வாசிப்பு 24,617 என்று இருக்கிறதா, வரவு ஏறியிருக்கிறதா, பழைய நிலுவை என்ற நிரலில் ஏதும் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்தோம். நிலுவை பூச்சியம்.

பதிலே வராமல் போயிருந்தால் அதே மின்னஞ்சல் தொடரை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பியிருப்போம். மின்சாரப் பாவனையாளரின் பிணக்குகளை அவர்கள் எடுப்பார்கள், ஆனால் முதலில் வழங்குநரிடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். முறைப்பாட்டின் தொடர்பிலக்கத்தைக் கேட்டு வாங்கியது அதற்காகவும்தான். இந்த வழக்கில் அது தேவைப்படவில்லை.

மீற்றரின் கண்ணாடியை ரீச்சர் இப்போது மாதம் ஒருமுறை வெளிப்பக்கம் துடைக்கிறார். முத்திரையிட்ட மூடியைத் திறக்கக்கூடாது என்பதால் உள்ளே படிந்த மங்கல் அப்படியேதான் இருக்கிறது. மீற்றரை மாற்றித் தரும்படி தனியாக ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது.